ஒரு மூலை மட்டும் காய்ந்தபோது

1997இல் அக்குறணையில் பிறந்த மஸாஹிராவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழுதைத் தன் கண்ணால் பார்க்கும்வரை எதையும் திருத்த மாட்டாள். கண்டி நகரில் பஹீம் நானாவின் மின்னணுப் பட்டறையில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. அவள் கடைசியாக எழுதிய நிரல், கலஹாவில் நிரஞ்சன் வைத்திருக்கும் காளான் கொட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் குறைந்தால் மோட்டாரைப் போட்டுப் பனிபோல் தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நிரஞ்சன் தொலைபேசியில் கத்தினார்.

"மிஸ், பெட்டியில பச்சை லைட் எரியுது, காளான் காஞ்சு சுருங்கிப் போய்க் கிடக்கு. வேலைக்கு வச்ச பரிமளம் பிளக்கைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிடுது."

"கழட்டினா பச்சை எப்படி எரியும்?"

"திரும்பி வந்து மாட்டியிருக்கும்! திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளப் போடப் போறேன்."

பஹீம் நானா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ரெண்டு தரம் நம்மட பட்டறைப் பெடியனுகள் போய்ப் பார்த்தாச்சு. பெட்டி நல்லா ஈக்கி, ஒரு பழுதும் இல்ல. அது அவங்கட ஆள் பிரச்சினை."

"நான் போகல்லயே நானா. அதுக்குள்ள எழுதினது நான்தானே."

சனிக்கிழமை பேராதனையில் பஸ் மாறி, மடிக்கணினியை மடியில் அணைத்துக்கொண்டு கலஹா போனாள். கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் பரிமளம் வாசலிலேயே வாளியோடு நின்றாள்.

"வாங்க மிஸ். நீங்களும் நான் கழட்டினேன்னுதான் சொல்லப் போறீங்களா?"

"பார்க்காம ஒண்டும் சொல்ல மாட்டேன் அக்கா. அது என்ன வாளி?"

"தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்கு. பட்டறையிலேருந்து ஆள் வந்தா நெறச்சு வைக்கணும்னு மொதலாளி சொல்லியிருக்காரு. போன தடவையும் நெறச்சுத்தான் வச்சேன்."

மஸாஹிரா வாளியைப் பிடித்துக்கொண்டாள். "இன்டைக்கு நிரப்பாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

தொட்டிக்குள் மூன்று மிதவைகள். தண்ணீர் தூக்கி நிறுத்தும் மிதவைகளின் எண்ணிக்கைதான் தொட்டியின் மட்டம். கொட்டிலுக்குள் மூன்று ஈர உணரிகள். காய்ந்துபோனவை எத்தனை என்பது இரண்டாவது எண். உலர்ந்தது ஒன்றாவது இருந்து, தொட்டியிலும் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடும். இல்லாவிட்டால் மோட்டார் நிற்கும், பச்சை விளக்கு எரியும்.

"மோட்டார் எப்பெப்ப நிக்குது?"

"ஒரு மூலை மட்டும் காஞ்சா சும்மா நிக்கும் மிஸ். இன்னொரு மூலையும் காஞ்சதும் ஊத்தும். சில நாளைக்கு நேர்மாறா நடக்கும். மொதலாளிகிட்ட சொன்னா சிரிக்கிறாரு."

மஸாஹிரா சிரிக்கவில்லை. மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். இரண்டு உணரிகளை ஈரத்துணியால் சுற்றி, ஒன்றை மட்டும் காயவிட்டாள். திரையில் உலர்ந்தது 1, தொட்டி 2 என்று வந்தது. மோட்டார் அசையவில்லை. பச்சை எரிந்தது.

"பாத்தீங்களா!" என்று பரிமளம் கைதட்டினாள். "நான் பிளக்குப் பக்கமே போகல!"

மஸாஹிரா இன்னொரு உணரியின் துணியையும் அவிழ்த்துக் காயவிட்டாள். உலர்ந்தது 2, தொட்டி 2. தண்ணீர் பொழிந்தது. தொட்டியை ஒரு மிதவை அளவுக்கு இறக்கினாள். உலர்ந்தது 2, தொட்டி 1. மறுபடியும் பச்சை.

அவள் நிரலைத் திறந்தாள். நிபந்தனையில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரேயொரு & நின்றது. இரண்டு இருக்க வேண்டிய இடம். && என்றால் இரண்டு எண்களும் பூச்சியமில்லாதவையா என்றுதான் இயந்திரம் கேட்கும். ஒற்றை & அப்படிக் கேட்காது. எண்களை இரும வடிவில் இலக்கம் இலக்கமாக ஒப்பிடும். ஒன்று என்பது 01, இரண்டு என்பது 10. இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இல்லை. ஆகவே விடை பூச்சியம், ஆகவே பச்சை. தொட்டி நிறைந்திருந்தால் மட்டம் மூன்று, அதாவது 11. அதோடு ஒன்று, இரண்டு, மூன்று என எது சேர்ந்தாலும் பூச்சியம் வராது. பட்டறை மேசையில் அவள் சோதித்ததும் நிறைந்த தொட்டியில்தான். ஆள் வந்தபோதெல்லாம் இங்கே நிரப்பி வைத்ததும் அதே தொட்டியைத்தான்.

இன்னொரு & போட்டு நிரலைப் பெட்டியில் ஏற்றினாள். அதோடு எழுந்துவிடவில்லை. தொட்டியின் ஒவ்வொரு மட்டத்திலும் துணிகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். தொட்டியை வெறுமையாக்கி, மோட்டார் நிற்கிறதா என்றும் பார்த்தாள். பரிமளம் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள்.

"காளானவிட நாமதான் நனைஞ்சிட்டோம் மிஸ்!"

நிரஞ்சன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மஸாஹிரா தலையில் தண்ணீர் சொட்ட அவர் முன்னால் நின்றாள்.

"பிழை என்ட. நான் எழுதினது பிழை. இவங்க சொன்ன ஒவ்வொண்டும் சரி. இங்க வந்து நின்டு பாருங்க."

தொட்டியில் ஒரு மிதவை அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, இரண்டு உணரிகளைக் காயவிட்டாள். தண்ணீர் பொழிந்தது. நிரஞ்சன் கையை நீட்டி அந்தத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். பிறகு பரிமளத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் சும்மா உன்னய ஏசிட்டேன். திங்கக்கிழமை நீயே வா."

"வராம? சாவி என்கிட்டதான இருக்கு," என்றாள் பரிமளம்.

மஸாஹிரா மடிக்கணினியை மூடிக்கொண்டு பஹீம் நானாவுக்கு அழைப்பெடுத்தாள். அதே நிரல் ஹந்தானையில் இன்னொரு கொட்டிலிலும் ஓடுகிறது. நாளைக் காலை அவள் அங்கே போகிறாள்.