காலியா விட்ட கட்டம்

எனக்குப் பள்ளிக்கூடம் ரெண்டாங் கிளாசோட சரி. ஆனா கை மட்டும் ஒழுங்கா இருந்துச்சு. சின்ன வயசுல ஜங்ஷன் பக்கம் போர்டு எழுதுத கடையில தூரிகை கழுவிக்கிட்டு இருந்தேன். பஸ்சுக்கு முன்னால மாட்டுத ஊர்ப் பேரு போர்டு, சீவலப்பேரி, ஆழ்வார்குறிச்சின்னு, அதெல்லாம் பாத்துப் பாத்துதான் எழுத்து படிச்சேன். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல இடம் கூடக் கொறைய இருந்தா முதலாளி மண்டையில தட்டுவாரு. எடம் காலியாக் கெடந்தா போர்டு அழகா இருக்காதும்பாரு. அந்தப் பழக்கம்தான் பின்னால என்னயக் கெடுத்துச்சோ என்னமோ.

எதையோ சொல்ல வந்து எங்கனயோ போறேன். பாளையங்கோட்டையில வாத்தியார் ஆகுததுக்குப் படிக்கித காலேஜ் ஒண்ணு. அங்கன நான் பியூன். தொண்ணூறுகள்ல. மணி அடிக்கணும், சாக்பீஸ் வைக்கணும், மேடத்துக்கு டீ வாங்கணும். ரிக்கார்டு நோட்டுல கட்டம் கட்டுததும் எப்படியோ என் தலையில வந்து விழுந்துச்சு. அங்க படிக்கித பிள்ளைங்க ஸ்கேல் வச்சு இழுத்தா மை இழுவும். நான் இழுத்தா இழுவாது. கட்டம் போட்டு, கேட்டா நம்பரும் எழுதிக் குடுப்பேன். ஒரு டீ வாங்கிக் குடுப்பாங்க. பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாரு. ஒருதரம் கூப்பிட்டுச் சொல்லவும் செஞ்சாரு, "இனி பிள்ளைங்க ரிக்கார்டுல உம்ம கைய பாத்தேன்னா மறுநாள் வராதீரும்."

அந்த வருசம் சயின்ஸ் மேடம் பிள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுத்தாங்க. எட்டாங் கிளாசுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல நடந்த சயின்ஸ் பரீட்சையோட கேள்வித்தாள். மொத்தம் அம்பது மார்க்கு. அத புளூபிரிண்டா மாத்திக் கொண்டுவரணும். புளூபிரிண்டுன்னா ஒரு கட்டம்தான். இடது பக்கம் பாடம்: நீர், ஒளி, தாவரம். மேல பிள்ளையோட புத்தி எந்த அளவுக்கு வேல செய்யணுங்கிறது: அறிதல், புரிதல், பயன்படுத்தல், திறன். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா அறிதல். படம் வரையச் சொன்னா திறன். ஒவ்வொரு கேள்வியையும் படிச்சு, இது எந்தப் பாடம், எந்த அளவுன்னு யோசிச்சு, அந்தக் கட்டத்துல போடணும். 5(1)ன்னு எழுதுனா, வெளிய இருக்கது மார்க்கு, பிராக்கெட்டுக்குள்ள இருக்கது எத்தன கேள்வின்னு. அடியில கூட்டுனா அம்பது வரணும். வழக்கமா புளூபிரிண்டப் போட்டுட்டுத்தான் கேள்வி எழுதுவாங்க. மேடம் இந்தத் தடவ தலகீழாக் குடுத்திருந்தாங்க.

என்கிட்ட எழுதிக் கேட்ட பிள்ளைங்க எல்லாருமே ஒரே நம்பர்தான் கொண்டுவந்தாங்க. அறிதல் இருவது, புரிதல் பதினஞ்சு, பயன்படுத்தல் பத்து, திறன் அஞ்சு. நானும் அதேயே எழுதி எழுதி எனக்கு மனப்பாடமாயிட்டு. ஒரு நல்ல கேள்வித்தாள் எப்படி இருக்கணும்னு மேடம் முன்னால போர்டுல எழுதிப் போட்டிருந்த கணக்கு அது. கேள்வியப் படிக்காம அத அப்படியே எடுத்து ஊத்திட்டாங்க. அது எனக்கு அப்பம் தெரியாது.

வெள்ளிக்கிழம சாயந்தரம் புன்னக்காயல் பொண்ணு ஒருத்தி வந்தா. அப்பா கடலுக்குப் போறவரு. வீட்டுல மொதமொத காலேஜ் வாசல மிதிச்சவ அவதான். ஊர்ப் பக்கம் சிஸ்டர்மாரு நடத்துத பள்ளிக்கூடத்துல ஒரு வேலை சொல்லி வச்சிருந்தாங்க. ரிக்கார்டு மார்க்கு நல்லா இருந்தாக் கெடைக்கும்னு என்கிட்டயே சொல்லிருக்கா. கெளுத்தி முள்ளு குத்தி அவ பெருவெரலு வீங்கிக் கெடந்துச்சு.

"அண்ணாச்சி, பேனா பிடிக்க முடியல. பென்சில்ல எப்படியோ கிறுக்கியிருக்கேன். உள்ளது உள்ளபடி எழுதி, திங்கக்கிழம மேடம் மேசையில வச்சிருவீயளா?"

"வைக்கேன் தாயி. மீனுக்கு உன் மேல என்ன கோவம்?"

"நான் வாத்திச்சி ஆகப்போறேன்னு அதுக்கும் தெரிஞ்சிட்டு போல," அப்படின்னு சிரிச்சிட்டு பஸ்சுக்கு ஓடிட்டா.

திங்கக்கிழம காலம்பற தாள விரிச்சேன். அறிதல் முப்பத்தாறு. புரிதல் ஒம்பது. பயன்படுத்தல் அஞ்சு. திறன் வரிசையில ஒண்ணுமில்ல, சின்னதா ஒரு கோடு மட்டும். பென்சில் வழுக்குனதுன்னு நெனச்சேன். பாவம், கை வலியில பிள்ள பாதியில விட்டுட்டு, மத்ததுவளையும் மாத்திப் போட்டுருச்சுன்னு எனக்கு ஒரே எரக்கம். கூட்டிப் பாத்திருந்தா அம்பது சரியா வருதுன்னு தெரிஞ்சிருக்கும். நான் கூட்டல. மத்தவங்களுக்கு எழுதுன நம்பரையே இவளுக்கும் அழகா எழுதி, தாவரத்துக்கு நேரா திறன்ல 5(1)ன்னு போட்டு, மேசையில வச்சிட்டேன். நல்ல காரியம் செஞ்ச நெனப்புல அன்னைக்கு டீ கூட ருசியா இருந்துச்சு.

புதங்கிழம கிளாசுக்குத் தண்ணி கொண்டு போறேன். மேடம் நோட்டுகள அடுக்கி வச்சிக்கிட்டு நிக்காங்க.

"எல்லாருக்கும் திறன் அஞ்சு மார்க்கு. எல்லாருக்கும் தாவரம். இந்தக் கேள்வித்தாள்ல படம் வரைன்னு எங்க கேட்டிருக்கு? ஒரு கேள்வி காட்டுங்க."

எல்லாரும் கேள்வித்தாளப் பொரட்டுதாங்க.

"படம் ஒண்ணுகூடக் கேக்காத தாளாப் பாத்துதான் எடுத்தேன். அந்த வரிசைய காலியா விடுதவங்க யாருன்னு பாக்கத்தான். ஒரு ஆளுகூட இல்லயே!" புன்னக்காயல் பொண்ணப் பாத்தாங்க. "நீயாவது படிச்சிருப்பேன்னு நெனச்சேன். உன் நோட்டுல எது அந்தக் கேள்வி?"

அவ எந்திரிச்சு நோட்ட வாங்கிப் பாத்தா. அந்த எடத்துல அவளுக்கு வெளங்கிட்டு. மொகம் அப்படியே நிமிந்து வாசல்ல கூஜாவோட நின்ன என்னயப் பாத்துச்சு. கோவமாப் பாத்திருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். என்னண்ணாச்சின்னு கேக்குத மாதிரி பாத்தா.

நான் சொல்லியிருக்கணும். மேடம், அது நான் எழுதுனதுன்னு ஒரு வார்த்த. பென்சில் தாளு என் காக்கிச் சட்டப் பையிலதான் மடிச்சுக் கெடந்துச்சு. பிரின்சிபால் சொன்னது காதுல கேட்டுச்சு. கூஜாவ பைய வச்சிட்டு டம்ளரத் தொடச்சேன். ஏற்கெனவே தொடச்ச டம்ளரு.

"தப்புதான் மேடம்," அப்படின்னா அவ.

"நாளைக்கு வேற எழுதிட்டு வா. மார்க்கு பாதிதான்."

சாயந்தரம் மணிக்கூண்டு பக்கம் வந்தா. புதுத் தாளு கையில. வெரலு வீக்கம் கொஞ்சம் வத்தியிருந்துச்சு.

"ஏம்மா, என் பேரச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உங்க வேலை போயிருமே." தாள நீட்டுனா. "ஏன் அண்ணாச்சி, ஒரு கட்டம் காலியாக் கெடந்தா உங்களுக்குப் பொறுக்காதோ?"

சிரிச்சிக்கிட்டேதான் கேட்டா. அதுதான் இன்னமும் குத்துது, கெளுத்தி முள்ளு கணக்கா.

பென்சில் தாள எடுத்துக் குடுத்தேன். மேடத்துக்கிட்ட நான் போய்ச் சொல்லுதேன்னும் சொன்னேன். மறுநா, அதுக்கு மறுநான்னு தள்ளிப் போட்டேன். மார்க்கு லிஸ்ட சீல் வச்சு அனுப்புத வரைக்கும் சொல்லல. சிஸ்டர்மாரு பள்ளிக்கூடத்து வேலை வேற பிள்ளைக்குப் போயிட்டுன்னு பின்னால கேள்விப்பட்டேன். இந்த மார்க்குனாலதானான்னு தெரியாது. இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.

அன்னைக்குச் சாயந்தரம் மணிக்கூண்டுகிட்ட, அந்தப் புதுத் தாள என் மேசையில விரிச்சு வச்சிட்டு அவ சொன்னா:

"கோடு மட்டும் போட்டுத் தாங்க அண்ணாச்சி. நம்பர நான் எழுதிக்கிடுதேன்."

போட்டேன். அந்தக் கடைசி வரிசைக் கோடு மட்டும் மை இழுவிட்டு.