ஏழு மணிக்குக் கறந்தது

டெக்னீஷியன் திருமலைசாமியைப் போல நேரம் தவறாத மனிதர் எங்கள் ஆஸ்பத்திரியின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் யாரும் இல்லை. ஆனால் தொண்ணூற்று ஆறில் ஒரு சனிக்கிழமை, தெரிந்தே தப்பு செய்தார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டர் என்ற குழாயில் மாலிப்டினம் சிதைந்து, ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்தான டெக்னீசியம் ஆகிக்கொண்டே இருக்கும். உப்புநீர் விட்டு அதை இழுத்தெடுப்பதைக் கறப்பது என்போம். ஒருமுறை கறந்தால் மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மாலிப்டினமும் அறுபத்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே திங்களன்று வந்த ஜெனரேட்டர் சனிக்கிழமை ஒரே ஒரு எலும்பு ஸ்கேனுக்குத்தான் தாங்கும்.

அன்றைய ஸ்கேன் பொள்ளாச்சிப் பக்கத்து பாவாத்தாளுக்கு. மார்பில் இருந்த புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துத்தான் திங்களன்று ஆபரேஷன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம்.

ஏழு மணிக்கே வந்து நின்றார் ஒரு மில் மேனேஜர். திருமலைசாமியின் தம்பிக்கு வேலை போட்டுக் கொடுத்தவர். அவருடைய முறை திங்கட்கிழமைதான்.

"ஏனுங்க, இன்னைக்கே முடிச்சு உட்ருங்க."

திருமலைசாமி கறந்தார். இருபத்திரண்டு மில்லிகியூரி மருந்து வந்தது. ஒரு ஸ்கேனுக்கு வேண்டிய இருபது அந்த மேனேஜருக்கே போயிற்று.

பத்து மணிக்கு மறுபடி கறந்தார். மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஊறும்? எட்டுதான். சாயங்காலம் நான்கு வரை பொறுத்தால் பதினாறு பதினேழு தேறும். ஆனால் ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படம் எடுக்க முடியும். அதற்குள் அந்த அம்மாவின் கடைசி பஸ் போய்விடும். தாமதம் ஏன் என்று டாக்டரிடம் உண்மையையும் சொல்ல வேண்டும். எட்டையே ஏற்றிவிட்டார்.

மருந்து குறைந்தால் கேமராவின் கீழ் அதிக நேரம் படுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடிவது ஐம்பது நிமிடம் ஆயிற்று. பாவாத்தாளுக்கு ஏற்கெனவே முதுகுவலி; பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் தாங்க மாட்டாமல் புரண்டுவிட்டாள். படம் கலங்கிப்போனது.

'நோயாளி அசைந்துவிட்டார், மறுபடி எடுக்கவும்' என்று டாக்டர் எழுதினார். ஆபரேஷன் தள்ளிப்போனது.

பாவாத்தாள் மஞ்சள் பையிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நாந்தான் அசைஞ்சு கெடுத்துப்போட்டேன் கண்ணு. உங்களுக்கு ரெட்டை வேலை. கோவிச்சுக்காதீங்க."

இப்போதாவது திருமலைசாமி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லீங்கம்மா. அடுத்த தடவ அசையாம படுங்க," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.