கோப்பிக் காசு

விலையைக் கூட்டியதற்காக நான் வருந்தவில்லை. அதைச் சொன்ன விதத்துக்காகத்தான் இன்றுவரை வருந்துகிறேன்.

தீவுப் பக்கத்துக் கரம்பொனில் எங்கள் வீட்டுக் குசினியில் நானும் மச்சாளும் மிளகாய்த்தூள் செய்து விற்கிறோம். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லில் அரைப்பித்து, ஒரு கிலோப் பைகளில் அடைப்போம். முகநூலில் ஒரு பக்கமும் வைத்திருக்கிறோம். வறுப்பது பெரும்பாலும் மச்சாள், பக்கத்தில் எழுதுவது நான். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்ற மிதப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

பக்கம் தொடங்கியதும் முதல் ஆளாகத் தூள் கேட்டவர் புங்குடுதீவு இறுப்பிட்டியில் இருக்கும் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது கூட. கணவர் இல்லை, வெளிநாட்டிலும் யாரும் இல்லை, கணவருடைய ஓய்வூதியத்தில்தான் சீவியம். இழுப்பு வருத்தக்காரி. செத்தல் வறுக்கிற புகை மூக்கில் ஏறினால் அன்று முழுக்க மூச்சு வாங்குவார். அதனாலேயே எங்களிடம் மாதம் ஒரு கிலோ எடுத்தார். குழம்பு வைத்தால் சட்டியோடு படம் எடுத்து, "இது இவையின்ரை தூள்" என்று எங்கள் பக்கத்தில் போடுவார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனார்கள். பெரிய வாடிக்கை கிடைத்ததும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

பிறகு செத்தல் விலை ஏறியது, விறகும் ஏறியது. இரண்டாயிரத்துக்கு விற்றதை இரண்டாயிரத்து நானூறு ஆக்காமல் ஏலாது என்று மச்சாள் சொன்னார். அது உண்மை. அந்த வாரத்திலேயே இறுப்பிட்டி அக்காவிடமிருந்து உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது. "செத்தல் விலை கூடிப்போச்சு. நீரும் கூட்டத்தான் வேணும். கூட்டுறதுக்கு முதல் எனக்கு ஒருக்கால் சொல்லும்." நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

எங்கள் தீவுகளில் கலியாணத்துக்குக் கார்ட் மட்டும் அனுப்பினால் போதாது. நெருங்கினவர்களுக்கு வீட்டுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார், கேட்டால் காரணமும் சொல்லமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? விலைக்கும் அப்படித்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சிவந்த தூள் குவியலின் படம் ஒன்றைப் போட்டு அதன் கீழ் இப்படி எழுதினேன். "அன்பான உறவுகளே! தவிர்க்க முடியாத காரணங்களால் எங்கள் தூளின் விலையில் சிறியதொரு மாற்றம். நீங்கள் அங்கே குடிக்கும் ஒரு கோப்பிக் காசுகூட இல்லை! தரத்தின் அருமை தெரிந்தவர்கள் எங்களோடு நிற்பார்கள். புதிய விலைக்கு உள்பெட்டிக்கு வாருங்கள்."

மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதை ஆருக்கு எழுதியிருக்கிறீர்?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாரும் அங்கையோ இருக்கினம்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீங்கள் வறுக்கிறதைப் பாருங்கோ மச்சாள், எழுதுறதை நான் பாக்கிறன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பதிவுக்கு இதயங்கள் குவிந்தன. "கோப்பிக் காசுதானே, எனக்குப் பத்துக் கிலோ எடுத்து வையுங்கோ" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே இறுப்பிட்டி அக்கா "நல்லது" என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தார். அதற்கும் ஓர் இதயத்தை இட்டேன். எவ்வளவு மடைச்சி நான்!

அடுத்த மாதம் அவரிடமிருந்து ஓடர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் மனம் கேட்காமல், ஒரு கிலோப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போய், அங்கிருந்து புங்குடுதீவு பஸ் பிடித்தேன்.

படலையைத் திறக்கும்போதே செத்தல் வறுக்கும் காரம் மூக்கில் ஏறியது. பின்னாலேயே இருமல் சத்தம். மூக்கையும் வாயையும் ஒரு துணியால் கட்டிக்கொண்டு, முற்றத்து அடுப்பில் அக்கா தாச்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"வாரும், வாரும். உள்ளை கதிரையிலை இரும், இஞ்சை புகை."

பேச வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. பையை நீட்டி, "உங்களுக்குப் பழைய விலைதான் அக்கா, எப்பவும்" என்றேன். அதுவும் பிழையாகப் போயிற்று.

அக்கா தாச்சியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வரும்வரை நின்றார். "எனக்கு மட்டும் பழைய விலையெண்டால் அது உதவி. உம்மட்டை நான் உதவி கேட்டு வரேல்லை, தூள் வாங்கினனான்."

"விலை கூட்டினது கோபமோ அக்கா?"

"சீச்சீ. நானும் கடைக்குப் போறனான், செத்தல் என்ன விலையெண்டு தெரியும். நாலு வரி வடிவாச் சொல்லியிருந்தால் அரைக் கிலோவாத் தாரும் எண்டு கேட்டிருப்பன். நீர் கோப்பிக் காசு எண்டு எழுதிப்போட்டீர். நானூறு ரூபா எனக்குக் கோப்பிக் காசு இல்லை பிள்ளை. அதை அவ்வளவு பேருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது?"

உள்பெட்டி இருந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்பெட்டிக்கு வந்து முதலிலேயே கேட்டிருந்தார், நான்தான் கைகூப்பும் படம் அனுப்பினேன்.

தேத்தண்ணி தந்தார். நான் கொண்டுபோன பையைத் தொடவில்லை. புறப்படும்போது சின்னப் போத்தல் ஒன்றில் தான் வறுத்த தூளைப் போட்டுத் தந்து, "உம்மட பதத்துக்கு இன்னும் வரேல்லை" என்றார்.

அன்று பின்னேரமே பழைய பதிவை அழித்தேன். அதோடு அத்தனை இதயங்களும் போயின. மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, அவர் தலையாட்டிய பிறகே புதியதைப் போட்டேன். "ஒரு கிலோ 2000 ரூபாவாக இருந்தது. இப்போது 2400 ரூபா. செத்தலும் விறகும் கூடியதே காரணம். சரக்கையோ அளவையோ குறைக்காமல் விலையைக் கூட்ட முடிவு செய்தோம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் பிழை. விலை கூடியதற்கு முன்பே எங்களிடம் மாதாமாதம் எடுத்து வந்த எல்லாருக்கும், எங்கே இருந்தாலும், அடுத்த ஓடர் பழைய விலையிலேயே. இனி அரைக் கிலோ, கால் கிலோப் பைகளும் உண்டு. நானூறு ரூபா சின்னக் காசு இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்."

இதயங்கள் பெரிதாக விழவில்லை. ஆனால் எடுப்பதை நிறுத்தியிருந்த ஊர்க்காரர் நாலைந்து பேர் அரைக் கிலோப் பை கேட்டு எழுதினார்கள். அவர்களும் போயிருந்தார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இறுப்பிட்டி அக்காவும் எழுதினார். "வாசிச்சனான். இப்ப வடிவா விளங்குது." அதற்குக் கீழே ஓடர் வரும் என்று ஒரு கிழமையாக ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர் தன் பக்கத்தில் ஒரு மீன் குழம்புப் படம் போட்டிருந்தார். நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வறுவல் பதம் இப்போது சரியாக வந்துவிட்டது. படத்தின் கீழே "என்ரை தூள்" என்று எழுதியிருந்தார்.