முன்கழுத்து பாதி, பின்கழுத்து பாதி

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா ரொம்ப மெதுவா ஓடுதே" என்று சிரித்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சிரிக்கிறவளை என்ன செய்வது?

வீரபாண்டியில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி அது. கீழே கட்டிங், தையல், செக்கிங். மாடியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரையும் பிரிவு. எம்.சி.ஏ. முடித்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். சாம்பிள் தைத்து கூரியரில் அனுப்புவதும், வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் கலரை மாற்றச் சொல்வதும், மறுபடி தைப்பதும் முதலாளிக்கு அலுத்துப்போயிருந்தது. "தைக்கிறதுக்கு முன்னாடியே படமாக் காட்டிப்போட முடியுமுங்களா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

அவர் சும்மா கேட்கவில்லை. மாடியின் மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்து, ஏ.சி. போட்டு ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். "படத்தைச் சரியாக் கொண்டு வர்றவங்களுக்குத்தான் அந்த ரூமு. மாடி ஆளுங்களையும் அவங்க பொறுப்புல விட்டுருவேன்" என்றார். அந்த அறையைக் கட்டக் கட்ட, மனசுக்குள் அதில் நான் உட்கார்ந்துகொண்டே வந்தேன்.

கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாத கம்ப்யூட்டர்கள். அதனால் சி.பி.யு.விலேயே ஓடும் ரே டிரேசர் ஒன்றை நானே எழுதினேன். கண் இருக்கும் இடத்திலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்ப வேண்டும். அது எந்தப் பொருளில் முதலில் இடிக்கிறது என்று பார்த்து, அங்கே வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டால் அந்தப் புள்ளியின் நிறம் கிடைத்துவிடும். பொருள் முழுக்க முக்கோணங்கள். கதிர் ஒரு முக்கோணத்தின் தளத்தை எங்கே வெட்டுகிறது, அந்த இடம் மூன்று ஓரங்களுக்கும் உள்ளே இருக்கிறதா, கண்ணுக்கு முன்னால் இருக்கிறதா என்று சொல்லும் ஃபங்ஷன்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை எழுதிச் சரியாக ஓடவைத்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சோதனைக்கு, பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக் குடம் ஒன்றை மூடியோடு வரைந்தேன். வெள்ளியாட்டம் பளபளவென்று வந்தது. முதலாளி அதைத் தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

ஒரே குறை, நேரம். ஒவ்வொரு கதிருக்கும் எல்லா முக்கோணத்தையும் கேட்டுப் பார்த்தது என் புரோகிராம். குடத்துக்கே காலையில் விட்டால் மத்தியானம் ஆகும். நடுவில் கரண்ட் போய், யு.பி.எஸ். கத்திக் கத்திச் செத்துவிடும். ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு வரிசையாக ஃபைலில் எழுதிவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்திருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். கோவில்பட்டிப் பக்கம். என்னைவிட இளையவள். வந்த வாரமே, "எல்லா முக்கோணத்தையும் எதுக்குக்கா கேக்கணும்? கீழ கட்டிங்ல ஒரு பீஸைத் தேடணும்னா எல்லா பண்டிலயுமா பிரிக்காவ? சீட்டைப் பாத்து, இது நம்ம லாட் இல்லன்னா அப்படியே தள்ளி வச்சுருவாவல்லா" என்றாள். மொத்த முக்கோணங்களையும் அடக்கும் ஒரு பெட்டி. அது எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பெட்டி. அப்படியே உள்ளே உள்ளே, கடைசிப் பெட்டியில் சில முக்கோணங்கள் மட்டும் மிஞ்சும்வரை. கதிர் ஒரு பெட்டியைத் தொடவில்லையென்றால் அதற்குள் இருக்கும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பவுண்டிங் வால்யூம் ஹைரார்க்கி என்று பெரிய பெயர். நானும் படித்திருந்தேன். முதலில் படம் சரியாக வரட்டும், பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவள் தள்ளிப்போடவில்லை.

குடம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் மாடியில் அவள் பேச்சுதான். பெட்டி போட்ட புள்ள, பெட்டி போட்ட புள்ள என்று முதலாளி சொல்லாத நாளில்லை. குடத்தை வரைந்தது யார், முக்கோணத்தை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறு ஆக்கியவளை விட்டுவிட்டு விசிறியவளைப் பாராட்டுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டில் அவள் தன் டப்பாவிலிருந்து எனக்குத் துவையல் வைப்பாள். நன்றாக இருக்கும். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்து உண்மையான டி-ஷர்ட். பையர் வர நாள் நெருங்கியிருந்தது. அவள் வேகத்தைப் பார்த்துக்கொண்டால் நான் உருவத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று அந்த வேலையை இழுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் முன்பக்கத்தை யாரும் முழுதாக வரைய மாட்டார்கள். பேட்டர்ன் அட்டை பாதிதான் இருக்கும். மடிப்பின்மேல் வைத்து வெட்டினால், விரிக்கும்போது முழுசாக வரும். நானும் அதே மாதிரி, முன்னும் பின்னுமாகப் பாதிச் சட்டையை முக்கோணங்களாகச் செய்தேன். மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு புள்ளியின் இட-வலக் கணக்கில் மட்டும் பிளஸ்-மைனஸ் குறியை மாற்றி நகலெடுத்தேன். பாதி வேலை மிச்சம். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

படம் ஓடி முடிந்தது. முதலாளியும் பேட்டர்ன் மாஸ்டரும் சுற்றி நின்றார்கள். வெளிக்கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதலாளிதான் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஏனுங்க கண்ணு, ஒரு பக்கம் முன்கழுத்து, ஒரு பக்கம் பின்கழுத்துங்களா? யாருங்க இதைப் போடுவாங்க?"

உண்மைதான். வலப்பாதியில் கழுத்து முன்பக்கத்துக்கே உரிய பள்ளத்தோடு இறங்கியிருந்தது. இடப்பாதியில் முன்பக்கமே காணோம். உள்ளே பின்பக்கத் துணியின் உட்புறம் தெரிந்தது. கழுத்தும் அந்தப் பக்கம் உயரமாக நின்றது.

எனக்குள் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "பெட்டி போட்டதுக்கு அப்புறம்தானுங்க இப்படி. குடம் எனக்கு ஒழுங்காத்தானுங்க வந்துச்சு" என்றேன். முதலாளி அவளைப் பார்த்தார். அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். "இருக்கலாம்க்கா. என் பெட்டியிலதான் எங்கயோ விட்டுப்போயிருக்கும். நீங்களே பாருங்க, உங்க கண்ணுக்குத்தான் தட்டுப்படும்" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். முதல் பெட்டியில் ஒரு முக்கோணம் கிடைத்ததுமே நிறுத்திவிட்டால், அடுத்த பெட்டியில் அதைவிடக் கிட்ட இருப்பது தவறிவிடும். அங்கே கோட்டைவிட்டிருப்பாள் என்று ஆசையோடு பார்த்தேன். அடுத்த பெட்டிக்குள் கதிர் நுழையும் வாசல் இதுவரை கிடைத்த தூரத்தைவிடத் தள்ளியிருந்தால் மட்டுமே அதைப் பார்க்காமல் விட்டிருந்தாள். துணி தட்டையாக இருக்கும் இடத்தில் பெட்டிக்குக் கனமே இல்லாமல் போகுமே, அங்கே? அதற்கும் கொஞ்சம் கனம் கூட்டியிருந்தாள். ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருந்தது. படிக்கப் படிக்க, இப்படி எனக்கு எழுத வரவில்லையே என்றுதான் இருந்தது.

விடவில்லை. அவள் பெட்டிகளை மொத்தமாக எடுத்துவிட்டு, பழையபடி எல்லா முக்கோணத்தையும் கேட்கும்படி என் புரோகிராமை ஓடவிட்டேன். இடப்பாதி முழுசாக வந்தால், தப்பு அவளுடையது என்று படத்தோடு நிரூபித்துவிடலாம். பாதி நாளில் கரண்ட் போனது, வந்தது, தொடர்ந்தது. மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கிய படத்தில் கழுத்து வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

முன்கழுத்து பாதி. பின்கழுத்து பாதி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நேராகத்தான் இருந்தது.

மேஜையில் கிடந்த பாதி அட்டையை எடுத்துத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். மறுபாதிக்காகத் திருப்பி வைக்கும்போது, சைஸ் எழுதிய பக்கம் கீழே போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. குறியை மாற்றி நகலெடுத்தால் முக்கோணத்தின் மூன்று புள்ளிகளும் எதிர்ச்சுற்றாகிவிடும். அந்தச் சுற்றை வைத்துத்தான் எது வெளிப்பக்கம் என்று கம்ப்யூட்டர் அறியும் என்பதால், வெளிப்பக்கம் உள்பக்கம் ஆகிவிடும். என் ஃபங்ஷனோ, பின்பக்கம் காட்டும் முக்கோணத்தை இடிக்கவில்லை என்று தள்ளிவிடும்படி எழுதப்பட்டது. மூடிய குடத்துக்கு அது போதும். அங்கே பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. சட்டைக்கு உள்பக்கம் உண்டு. கழுத்து வழியாக லேபிள் தெரிய வேண்டாமா? பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு அதை மறந்திருந்தேன்.

எந்தப் பக்கம் காட்டினாலும் இடித்ததாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இடப்பாதி வந்தது, கரிக்கட்டையாக. வெளிச்சக் கணக்கு இன்னும் அதை உள்பக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. முக்கோணத்தின் முகம் வருகிற கதிரைப் பார்த்து நிற்காவிட்டால் திருப்பிவிடு என்று இன்னொரு வரி. அவள் பெட்டிகளைத் திரும்பப் போட்டேன். டீ வருவதற்குள் முழுச் சட்டை, கழுத்துக்குள் லேபிளோடு.

பையர் வந்து பார்த்துத் தலையாட்டிப் போன பிறகு, "யாருங்க சரி பண்ணுனது?" என்று முதலாளி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்காதான் சார் கண்டுபிடிச்சாவ. என் பெட்டியில ஒண்ணும் இல்ல, உருவத்துலதான்னு அவங்களாத்தான் பிடிச்சாவ." அறை எனக்கு என்று அங்கேயே முடிவாயிற்று.

ஏ.சி. அறையில் நாற்காலியை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் பழைய இடத்திலேயே இருந்தாள். எனக்குக் குளிர்ந்தது. கொஞ்ச காலம் நன்றாகவே குளிர்ந்தது.

ஒருநாள் அல்வாப் பொட்டலத்தோடு அந்தக் கதவைத் தட்டினாள். பெங்களூரில் படம் வரையும் மென்பொருளே எழுதுகிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். நான் அடித்துப் பிடித்து வாங்கிய அறை அவளுக்கு ஒருநாளும் வேண்டியிருக்கவில்லை.

"இன்டர்வியூல என்ன புள்ள கேட்டாங்க?"

"பெட்டியைப் பத்தி ரொம்பக் கேக்கலக்கா. அது எல்லாருக்கும் தெரியுமாம். நீங்க தப்புப் பண்ணி, அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டாவ. நம்ம பாதிச் சட்டைக் கதையைச் சொன்னேன். பாதி அட்டை, மடிப்பு, கழுத்து எல்லாம். விழுந்து விழுந்து சிரிச்சாவ. அதுக்கப்புறம் வேற கேள்வியே இல்ல."

"அது யாரு பண்ணுன தப்புன்னு சொன்னே?"

"நான் பண்ணுனதுன்னுதான்க்கா சொன்னேன். இல்லன்னா உங்களைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்லா."

அல்வா கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாழ்த்துச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தப்பையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாம் அவள்.