‘மாற்றப்பட்டது’ என்றால் யார் மாற்றியது?

பதவிப் பெயரைப் பார்த்து ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில், தொழிற்சாலைகள் சரக்கு அனுப்பப் பயன்படுத்தும் ஒரு செயலியைச் செய்து விற்கிறோம். அதற்கு ஒரு புராடக்ட் மேனேஜர் வேண்டும். எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுத்து, அது சரியாக வந்தாலும் சொதப்பினாலும் பதில் சொல்கிற ஆள். ஆள் எடுப்பது என் பொறுப்பு. போன முறை பெரிய பதவிப் பெயரோடு வந்த ஒருவரை நான்தான் பிடித்து வந்தேன். எட்டு மாதம் மீட்டிங் போட்டார். ஒரு முடிவுகூட எடுக்காமல் கிளம்பிப் போனார். இந்த முறை அப்படி நடக்க விடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

வந்த ரெஸ்யூம்களை வடிகட்டி இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒன்று, பெரிய கம்பெனி ஒன்றில் ‘சீனியர் புராடக்ட் மேனேஜர்’. இன்னொன்று, ‘சிஸ்டம்ஸ் கோஆர்டினேட்டர்’. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டாவதை முதல் நாள் நானே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தேன். ஆவடியில் வீடு, கரையான்சாவடிப் பக்கம் ஒரு லாரி சர்வீஸ் அலுவலகத்தில் வேலை. யாரோ பில் போடுகிற பெண் தப்பான இடத்துக்கு அப்ளை செய்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வரிக்காகத் திரும்ப எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘டெலிவரியை உறுதி செய்யும் முறை மாற்றப்பட்டது. சரக்கு வரவில்லை என்ற தகராறுகள் பாதியாகக் குறைந்தன.’

மாற்றப்பட்டது சரி, யார் மாற்றியது? அதைத்தான் அந்த வரி சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் விளைவு என்று ஒன்றை அந்த ஒரு ரெஸ்யூம்தான் காட்டியிருந்தது. மற்றதில் எல்லாம் ‘தலைமை தாங்கினார்’, ‘முன்னெடுத்தார்’. எதை, எதற்கு, என்ன ஆச்சு என்று தேடினால் ஒன்றும் இல்லை.

சீனியரை முதலில் கூப்பிட்டேன். நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். “நீங்க எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க. வேற என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீங்க?” என்று கேட்டேன். “மேடம், எதைச் செய்யணும்ங்கறது மேல கமிட்டியிலேர்ந்து வரும். அதை டீமுக்கு எழுதிக் குடுத்து, டைமுக்கு முடிக்க வைக்கறதுதான் என் வேலை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியில் அந்தப் பெயருக்கு அதுதான் அர்த்தம். எங்களிடம் கமிட்டி கிடையாது, அவ்வளவுதான்.

கோஆர்டினேட்டர் மறுநாள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்த லாரி சர்வீஸ்காரர்கள் சொந்தமாகச் செய்த செயலியை இந்த மாதக் கடைசியோடு மூடிவிட்டு வெளியே வாங்கப் போகிறார்கள், அதோடு அவளுக்கு வேலையும் இல்லை. உட்கார்ந்ததும் அதைச் சொல்லிவிட்டாள். பிறகு பேச்செல்லாம் “நாங்க”தான். நாங்க பேசினோம், நாங்க பார்த்தோம், நாங்க மாத்தினோம்.

“நாங்கன்னா யாரு?” என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன்.

“டீம் மேடம்.”

“டீம்ல எத்தனை பேரு?”

“ரெண்டு டெவலப்பர். அப்புறம் நான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த மாற்றத்தில் ஏதாவது சொதப்பியதா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சொதப்பினது நான் மேடம். முதல்ல சரக்கு வாங்கறவங்க போனுக்கு ஓடிபி போற மாதிரி வெச்சேன். கடை ஓனர் நம்பர்தான் நம்மகிட்ட இருக்கும். சரக்கை எறக்கறது கடைப் பையன். ஓனர் எங்கியோ இருப்பாரு, போனை எடுக்க மாட்டாரு, டிரைவருங்க வெயில்ல காத்துக் கெடந்தாங்க. மூணாவது நாளே அந்த ஓடிபியை நான்தான் எடுத்துட்டேன். முதலாளிகிட்ட போயி, என் தப்புன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு வாரம் சரக்கு எறங்கற கடை வாசல்லயே நின்னு பார்த்தேன். கடைக்காரங்க எப்படியும் பில்லுல சீல் குத்தறாங்க. அதை போட்டோ எடுத்தா போதும்னு முடிவு பண்ணேன்.”

அரைமணி நேரமாகக் காணாமல் போயிருந்த “நான்” அப்போதுதான் வெளியே வந்தது. தப்பு அவளுடையது, வெற்றி எல்லாருடையது. நம் வீடுகளில் பெண்களை இப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம், பிறகு ரெஸ்யூமில் ஆளைக் காணோம் என்று தேடுகிறோம். எனக்குக் கோபமே வந்தது, அவள் மேல் அல்ல.

“தகராறு பாதியானது அந்த போட்டோவாலதானா?”

“முழுக்க அதனாலன்னு சொல்ல மாட்டேன் மேடம். முதல் மாசம் லோடே கம்மி. ஆனா அதுக்கடுத்த மாசம் லோடு பழையபடி வந்தும் தகராறு ஏறல.”

அவள் சம்மதத்தோடு அந்த முதலாளிக்குப் போன் போட்டேன். அவள் சொன்னதைச் சொல்லாமல், அந்த மாற்றம் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். “நான் வண்டிங்களுக்கு ஜிபிஎஸ் போடலாம்னேன்மா. அந்தப் பொண்ணுதான், வண்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் சரக்கு போய்ச் சேர்ந்துச்சுன்னு ஆயிடுமான்னு கேட்டு, வேணாம்னுடுச்சு. அப்ப எனக்குக் கோவம்தான்” என்றார். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

எங்கள் முதலாளி அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தாத்தா நெல் போட்ட இடத்தில்தான் இன்று எங்கள் ஆபீஸ் நிற்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரெஸ்யூமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரிமா. கோஆர்டினேட்டருன்னு இல்ல போட்டுகீது? கஸ்டமர் கேட்டா இன்னா சொல்றது? எடுத்துக்கோ, வேணான்னு சொல்லல. மேனேஜருன்னு வேணாம், அசோசியேட்டுன்னு போடு. சம்பளம் அதேதான். முடிவெல்லாம் அது எடுக்கட்டும், வெளிய உன் பேர்ல போவட்டும்.”

சம்பளம் அதே, வேலை அதே, ஆள் கிடைத்தாயிற்று. இதற்குமேல் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றியது. சரி சார் என்றேன்.

அன்று மாலையே அவளுக்குப் போன் செய்தேன். துள்ளிக் குதிப்பாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் டைம் கேட்டாள். மறுநாள் காலை திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அவளே கூப்பிட்டாள்.

“மேடம், அங்க முடிவெல்லாம் நான் எடுத்தேன், பேரு கோஆர்டினேட்டர். இங்கயும் நான் முடிவெடுத்து அது உங்க பேர்ல போனா, அடுத்த எடத்துல யார் மாத்தினதுன்னு கேக்கறப்ப மறுபடி முழிக்கணும். அசோசியேட்டுன்னா எனக்கு வேணாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. தெரியும் இல்ல?”

“தெரியும் மேடம்.”

ரயில் வந்தது. நான் ஏறவில்லை, அடுத்ததில்தான் போனேன். நேராக முதலாளி அறைக்குப் போய், அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டாள் என்று சொன்னேன். காரணத்தையும் அவள் சொன்னபடியே சொன்னேன்.

“கையில வேற வேலை கீதா அதுக்கு?”

“இல்ல சார்.”

“வேலை இல்லாத பொண்ணு, வர்ற வேலைய வேணாங்குதா?” கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நம்ம கஸ்டமரு கண்டதையும் கேப்பானே, அவன்கிட்டயும் இப்டித்தான் சொல்லுமா?”

“சொல்லுவா சார்.”

“என்கிட்ட?”

“இப்ப சொல்லியிருக்கறதே உங்ககிட்டதான் சார்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “லெட்டர மாத்துமா” என்றார்.

என் இடத்துக்கு வந்து, ‘புராடக்ட் மேனேஜர்’ என்று அடித்து அவளுக்கு அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. நேற்று அந்த அறையில் அசோசியேட் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொன்னால் எனக்கு ஒன்றும் போயிருக்காது. எல்லாம் போகக்கூடிய ஒருத்தி அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.