எழுபத்தெட்டு என்று அச்சடித்த வீல்

இதை எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன், வருஷங்கள் ஓடிவிட்டன. பத்தாவதோடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்று கூச்சம். முருகன்மேல் பாரத்தைப் போட்டு இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ரப்பர் உருளை வார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. வீடு ஆரம்பாக்கம். மகள் அப்போது ஸ்கேட்டிங் பழகினாள். ஒரே வரிசையில் நாலு வீல் வைத்த ஷூ. ஞாயிறு காலையில் லாரி ஓடாத தொழிற்பேட்டை ரோட்டில், துருத்திய ஜல்லிமேல் கடகடவென்று போவாள்.

அவளிடம் இரண்டு செட் வீல் இருந்தன. வீல்மேல் எண் அச்சடித்திருக்கும்: ரோட்டுக்கு எண்பத்தைந்து, பந்தயத்துக்கு எழுபத்தெட்டு. எண் கூடினால் கெட்டி. எங்கள் உருளைக்கும் மீட்டரை அழுத்தி இதே கணக்குத்தான் பார்ப்போம். கெட்டி வீல் ரோட்டில் சீக்கிரம் தேயாது. ஆனால் பந்தயம் நடக்கும் ரிங்க்கின் வழுவழுப்பான தரையில், திருப்பத்தில் வழுக்கிவிடும். அங்கே மெத்து வீல்தான் பிடித்து நிற்கும். அந்த மெத்து செட்டுக்கு ஆயுத பூஜையில் குங்குமம் வைத்து, சாமி அலமாரியிலேயே விட்டிருந்தேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் என் மனைவியின் தம்பி வந்தான். வீல் வைத்த பலகை, ஸ்கேட்போர்டு, ஓட்டுகிறவன்.

"இன்னா மச்சான், பொண்ணுக்கு காலு ஒதறுது, நீ மெத்து வீலை சாமிக்குக் காட்டிக்கினு கீறே? என் போர்டுல எழுபத்தெட்டுதான். மோசமான ரோட்டுல தொட்டிலு மாரி போவும்."

"ஒரே ஒரு வாட்டி நைனா" என்றாள் மகள்.

மாட்டினோம். சத்தமே இல்லை. கையை விரித்துக்கொண்டு, "வெண்ண மாரி கீது நைனா!" என்று கத்திக்கொண்டே போனாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கழற்றினால், எல்லா வீலிலும் உள் ஓரம் சாய்வாகத் தேய்ந்து, ஜல்லி கடித்த தழும்பு.

"என் போர்டு வீலு தடி, தாங்குது. இது மெலிசு" என்று மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"சாமிகிட்ட இருந்தத ரோட்டுல தேச்சிக்கினு வந்து, இப்ப தடி மெலிசுன்னு பாடம் நடத்துறியா?" என்றாள் என் மனைவி.

வேறு மெத்து வீல் பக்கத்தில் எங்கும் கிடைக்காது. கெட்டி வீல் போட்டால் பிள்ளை விழுவாள். பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்து, தேயாத ஓரம் தரையைப் பிடிக்கட்டும் என்று, தேய்ந்த ஓரம் வெளிப்பக்கம் வரும்படி ஒவ்வொரு வீலையும் திருப்பி மாட்டினோம். அதிகம் தேய்ந்தவற்றை நடுவில் போட்டோம். மனைவி மறுபடி குங்குமம் வைத்தாள்.

மறுநாள் ரிங்க்கில், முதல் திருப்பத்திலேயே முன்னால் போன பெண் சறுக்கி விழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் மகள் சாய்ந்தபடி திருப்பத்தைக் கடந்துகொண்டிருந்தாள். வீல் பிடித்திருந்தது.

"வுழவே இல்ல நைனா!" என்று ஓடிவந்தாள். நாலாவதாக வந்திருந்தாள்.

இப்போது வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். வீல்கள் சாமி அலமாரியில் இருக்கின்றன; தழும்புக்குள் குங்குமம் இறங்கியிருக்கிறது. உறவுக்காரர்கள் முதல் பரிசு வாங்கினாள் என்றே பேசுகிறார்கள். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் நாலாவது என்றே சொல்லுங்கள். வீலை ரோட்டில் தேய்த்ததையும் விட்டுவிடாதீர்கள். நான் முருகனிடம் கேட்டது அவள் விழக்கூடாது என்பதுதான். அதை அவன் கொடுத்தான்.