நௌபரின் நாலு ரூபாக் கிலோமீற்றர்

திருகோணமலைப் புகையிரத நிலையத்துக்கு எதிரே வாடகைக் கார்கள் நிற்கும் ஹயர் ஸ்ராண்டில் நௌபரைத் தெரியாதவர் இல்லை. வலது கையின் நடுவிரல் மடங்காது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில், எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த நாட்களில், கந்தளாய் வீதிப் பெற்றோல் செட்டில் தன் வாகனத்துக்கு முன்னால் நுழைந்த லொறிக்காரனின் தாடையில் குத்தியபோது உடைந்த விரல் அது. லொறிக்காரனின் உறவுக்காரர் திரும்பி வந்து இவனை ரயர் லீவரால் அடித்தார்கள். டீசல் கிடைக்கவில்லை. விலா எலும்பில் வெடிப்போடு ராங்கி வெறுமையாக நின்ற வாகனத்தைத் தள்ளிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனான்.

குறிஞ்சாக்கேணியில் அவன் வசிக்கும் வீடு மனைவி சுஹைராவுடையது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படும். ஆண் அதற்குள் வந்து வாழ்பவன். விலா ஆறிய கையோடு நௌபர் தன் டீசல் காரை விற்றான். விற்ற காசு போதாததால் அவளுடைய வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்து, ஜப்பானில் ஓடிப் பழசான ஒரு மின்சாரக் காரை வாங்கினான். உறுதியைக் கொடுக்கும்போது சுஹைரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: எத்தனை வருடத்தில் மீட்கலாம்? மூன்று என்றான். இனி ஒருத்தனுக்குப் பின்னாலும் வரிசையில் நிற்கமாட்டேன் என்றும் சொன்னான். அந்த இரண்டாவது வார்த்தைக்காகத்தான் அவன் காரை வாங்கினான் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

ஸ்ராண்டில் கிலோமீற்றருக்கு எவ்வளவு கேட்பது என்பதைத் தனியாள் தீர்மானிப்பதில்லை. எண்ணெய் விலை மாறும் போதெல்லாம் ஓட்டம் பார்ப்பார்கள். ராங்கியைக் கழுத்துவரை நிரப்பி, கடைத்தெரு நெரிசல், ஆஸ்பத்திரி வாசல், பிறகு இறக்கக்கண்டிப் பாலம் என்று அறுபது கிலோமீற்றர் ஓடிவிட்டு, அதே செட்டில் அதே பம்பில் திரும்பவும் கழுத்துவரை நிரப்புவார்கள். இரண்டாம் முறை போன லீற்றர்தான் கணக்கு. காரின் முகப்புத் திரை காட்டும் எதையும் அங்கே யாரும் நம்புவதில்லை.

நிலாவெளியில் ஒரு புதிய ஹோட்டல், மூன்று வருடத்துக்கு ஒரே விலையில் மூன்று கார் கேட்டது. ஏற்றிய தூரத்துக்கு மட்டுமே காசு. வெறும் காராகத் திரும்பும் தூரம் சாரதியின் பாடு. ஸ்ராண்டின் தலைவர் இராகுலன் ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். அவருடைய பெற்றோல் கார் ஐந்து லீற்றர் குடித்தது. அன்றைய விலைக்குக் கிலோமீற்றர் இருபத்தைந்து ரூபா. குணரத்தினத்தின் டீசல் கார் நாலு லீற்றர். பத்தொன்பது ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.

குணரத்தினம் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, சென்னையில் வாடகைக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அங்கே சீ.என்.ஜீ. எரிவாயு நிறையில், கிலோக் கணக்கில் போடுவார்கள், ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் போகும், பெற்றோல் செலவில் பாதிதான் என்று எப்போதும் சொல்வார். ஆனால் டிக்கி முழுக்கச் சிலிண்டர், வரிசை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தப் பரிசோதனைக்குக் கழற்ற வேண்டும் என்பதையும் மறைக்கமாட்டார். அந்த வாயுவை நிரப்ப இந்தத் தீவில் ஓரிடமும் இல்லை. ஆகவே அந்தக் கதை அங்கே நேரம் போக்கத்தான்.

நௌபரின் காருக்குப் பம்ப் இல்லை. அவன் முகப்புத் திரையைக் காட்டினான். எட்டு அலகு. வீட்டு மின்பட்டியலில் ஒரு அலகு முப்பது ரூபா. அறுபது கிலோமீற்றருக்கு இருநூற்று நாற்பது. கிலோமீற்றர் நாலு ரூபா.

சுவரிலிருந்து இழுத்ததைப் பார்க்க வேண்டும், திரையை அல்ல என்றார் குணரத்தினம். பற்றரி தேய்வதையும் போடச் சொன்னார். நௌபர் சிரித்தான்.

"உங்கட டீசலுக்கு இஞ்செக்டர் தேயாதா அண்ணே? அதப் போட்டீங்களா?"

"போட்டுத்தான் கேக்கிறன். இஞ்செக்டர், கிளச், ஒயில் எல்லாம் சேத்து என்ர கார் இருபத்துநாலு. உன்ர கார் எவ்வளவு எண்டு உனக்கே தெரியாது."

ஸ்ராண்ட் கிலோமீற்றருக்குத் தொண்ணூறு ரூபா கேட்பதென்று முடிவெடுத்தது. நௌபர் தனியாகப் போய் மூன்று காருக்கும் சேர்த்து, கிலோமீற்றர் அறுபதுக்கு எழுதிக் கொடுத்தான். தன் காரை ஓட்டுவான். மற்ற இரண்டையும் அறுபதுக்கு மேல் ஒரு சதமும் தராமல் ஸ்ராண்டிலிருந்தே எடுப்பான். ஹோட்டல்காரன் கையெழுத்து வைத்தான்.

செய்தி வந்த அன்று பகல், கோணேசர் கோயிலுக்குப் போகும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குணரத்தினம் நௌபரின் காரின் முன்னால் போய் நின்றார். ஏற்றிப் போய் வெறுமையாகத் திரும்பினால் தன் டீசலுக்கே நாற்பத்தெட்டுப் போகும், அறுபதில் மிஞ்சுவது என்ன என்று கேட்டார். ஏலாதவன் வீட்டில் இருக்கட்டும் என்றான் நௌபர். குணரத்தினம் காரின் கதவை உதைத்தார். உள்ளே தகரம் குழிந்த சத்தம் கேட்டதும் நௌபர் ஜக் கம்பியோடு இறங்கினான். முதல் அடி தோளில், இரண்டாவது வாயில். முன்பற்கள் இரண்டும் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தன. குணரத்தினம் விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. டீசல் காரின் முன்கண்ணாடியை மூலைக்கு மூலை உடைத்தான். மற்றச் சாரதிகள் அவனை இழுத்து வீதியில் போட்டு, வாந்தி எடுக்கும்வரை வயிற்றில் உதைத்தார்கள். இரத்தத்தில் செருப்பு வழுக்கி இராகுலனும் விழுந்தார்.

வழக்கு இணக்க சபையில் முடிந்தது. நௌபர் பல்லுக்கும் கண்ணாடிக்கும் பணம் கட்டினான். ஸ்ராண்டில் அவனுடைய முறை போனது. மற்ற இரண்டு காருக்கும் யாரும் அறுபதுக்கு வரவில்லை. அந்தத் தூரத்தையும் தானே ஓடினான்.

அதுதான் காரைத் தின்றது. நாள் முழுக்க ஓடுவதற்கு அந்தப் பற்றரியில் இடம் போதாது. நண்பகல் வெயிலில், கொதிக்கும் பற்றரியை வேக மின்னேற்றியில் செருகி அரை மணியில் ஏற்றி, உடனே ஓடினான். அந்தக் காரின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. சூட்டோடு சூடாக ஏற்றினால் உள்ளே வேகும் என்று கொழும்பில் விற்றவன் சொன்னதுதான். முதல் வருட முடிவில், ஒரே ஏற்றலில் நிலாவெளி போய்த் திரும்பி இன்னொரு தடவையும் போகக்கூடியதாயிருந்த கார், இரண்டாவது வருடத்தில் ஒரு தடவைதான் போனது. ஒரு மாலையில் வெள்ளைக்காரக் குடும்பத்தோடு சாம்பல்தீவுப் பாலத்தில் நின்றது. அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அமத்திப்பிடித்தான். நௌபர் பஸ்ஸில் ஏறி அவனுடைய சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு அடித்தான். அதற்கும் ஒரு வழக்கு.

புதிய பற்றரிக்கு விலை கேட்டான். பழைய காரில் கழற்றியதே பன்னிரண்டு லட்சம். வங்கி, வீட்டின் மேல் இரண்டாவது கடிதத்தை அனுப்பியிருந்தது.

சுஹைரா அன்று குசினியில் சமையலை விட்டு வந்து கதிரையில் இருந்தாள். அவள் மின்பட்டியல்களை வரிசையாகப் பார்த்திருந்தாள். காருக்கு முன் வீடு மாதம் எண்பது அலகுக்குள் நின்றது. கார் வந்தபின் நூற்றெண்பதைத் தாண்டியது. தாண்டினால் அலகின் விலையே வேறு, அறுபது ரூபாவுக்கு மேல். திரையில் எட்டு என்றால் சுவரிலிருந்து பத்துப் போகிறது. வழியில் சூடாகவே இரண்டு தொலைகிறது. மின்சாரமே கிலோமீற்றர் பத்து ரூபா. பன்னிரண்டு லட்சத்துப் பற்றரி எண்பதாயிரம் கிலோமீற்றர் ஓடினால் அது பதினைந்து. சேர்த்து இருபத்தைந்து. வெறுமையாகத் திரும்புவதோடு ஐம்பது.

"அறுபதுக்கு ஏத்துறீங்க. பத்து ரூபாவில ரயரும் தேயணும், காப்புறுதியும் கட்டணும், வங்கிக்கும் குடுக்கணும்," என்றாள். "ஒங்களுக்கு நாலு ரூபா வேணும். அதால கணக்கிலயும் நாலு ரூபா வந்திச்சு."

அவன் கை ஓங்கியது. அவள் முகத்தை விலக்கவில்லை. அடி அலுமாரிக் கண்ணாடியில் விழுந்தது, கை முழங்கைவரை கிழிந்தது. அவள் துணி கொண்டுவந்து கட்டினாள். இறுக்கிக் கட்டிக்கொண்டே, அடுத்த அடி தன்மேல் விழுந்தால் இந்த வீட்டுக் கதவின் திறப்பு அவன் கையில் இருக்காது என்றாள். பிறகு வேறு வேலையாகக் குசினிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நௌபர் ஸ்ராண்டுக்கு வந்தான். கட்டுப்போட்ட கையைக் கண்டு யாரோ, இன்றைக்கு யாருடைய பல் என்று கேட்டார்கள். அவன் நேரே குணரத்தினத்திடம் போனான். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, முறித்தால் தண்டம், ஓடினால் வீடு போகும், தனியாளாகப் போய் விலை கூட்டக் கேட்டால் ஹோட்டல்காரன் துரத்துவான். மூன்று காரும் ஒன்றாக, ஓட்டம் பார்த்த கணக்கோடு போனால் கேட்பான் என்றான். குரல் தாழ்ந்திருந்தாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

 குணரத்தினம் அவனுடைய வாயில் குத்தினார். பின்னால் நின்ற சாரதி ஒருவன் நௌபரின் தோளைப் பிடித்தான், பிடிக்கத் தேவையிருக்கவில்லை. நௌபர் கைகளைத் தூக்கவில்லை. இரண்டாவது குத்தில் முழந்தாளில் விழுந்தான். மூன்றாவதில் ஒரு பல் போனது. அதைத் துப்பிவிட்டு எழுந்து நின்றான். நாலாவதுக்குக் கையை ஓங்கிய குணரத்தினம், தன் விரல்மொளி வெடித்திருப்பதைக் கண்டு கையை உதறினார்.

"சுவரில மீற்றர் கிடக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. வாங்கிப் போடலாம்."

"திரையக் காட்டினியெண்டா மற்றப் பல்லையும் எடுப்பன். வண்டிய எடு."

அறுபது கிலோமீற்றர் ஓட்டத்துக்குக் குணரத்தினமும் ஏறினார். நௌபர் ஜன்னலால் இரத்தம் துப்பிக்கொண்டே ஓட்டினான். பற்றரி தாங்காததால் இடையிலும் முடிவிலும் ஏற்றியபோது, இராகுலனின் வீட்டுச் சுவரில் வாங்கிப் பொருத்திய சிறு மீற்றர் மொத்தம் பத்தரை அலகைக் காட்டியது. பற்றரி வலுவிழந்தபின் இழப்பும் கூடியிருந்தது. இராகுலன் மூன்று காரின் தேய்மானத்தையும் சேர்த்தார். பெற்றோல் இருபத்தெட்டு. டீசல் இருபத்துநாலு. மின்சாரம் இருபத்தைந்துக்குச் சற்று மேல். நல்ல பற்றரி போட்டு, இரவு அலகு மலிவாகக் கிடைக்கும் மீற்றருக்கு மாறி, பகலில் வேக மின்னேற்றியைத் தொடாமல் அதே பற்றரியை இருமடங்கு தூரம் இழுத்தால் மட்டும் அது பதினைந்துக்கும் கீழே போகும். அதற்கு வருடங்கள் வேண்டும். அவசரக்காரனுக்கு அந்தக் கார் டீசலைவிட மலிவில்லை.

ஹோட்டல்காரன் எண்பதுக்கு மறுத்தான். பாலத்தில் விருந்தினரை இறக்கிவிட்ட கதையை எடுத்தான். நௌபர் ஒரு அடி முன்னால் வைத்தான். குணரத்தினம் அவனுடைய கட்டுப்போட்ட கையை அழுத்திப் பிடித்தார், காயம் திறந்து துணி சிவக்கும்வரை. எழுபத்தெட்டில் கையெழுத்தானது, மூன்று காருக்கும், ஸ்ராண்டின் பெயரில். வங்கி ஆறு மாதத் தவணை கொடுத்தது. வீடு இன்னும் மீளவில்லை, போகவுமில்லை.

புதிய பற்றரிக்கெனக் கிலோமீற்றருக்கு ஒதுக்கும் பதினைந்து ரூபாவை நௌபரின் கையில் விடுவதில்லை என்பது குணரத்தினம் போட்ட நிபந்தனை. மாத முடிவில் கார் ஓடிய தூரத்தைப் பார்த்து அவரே எடுத்து, சுஹைராவிடம் கொடுக்கிறார். போன மாதம் நௌபர், தன் பழைய மோட்டர் சைக்கிளைத் திருத்த அதில் கொஞ்சம் கேட்டான். ஸ்ராண்ட் நடுவில், ஆட்கள் பார்க்க, குணரத்தினம் அவனைக் கழுத்தில் பிடித்துக் காரின் கதவோடு அழுத்தினார். நௌபர் சட்டைப்பையிலிருந்து அந்த மாதப் பற்றரிக் காசை எடுத்து நீட்டினான். அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டு, வரிசையில் அடுத்ததாக நின்ற தன் காரில் போய் ஏறினார்.